அசலுக்கு முன் பிறந்த நகல்

ரோஸி சின்னம்மா தி.நகரில் தாமிரவேணி சில்க்ஸின் இரண்டாம் மாடியில் பதினோரு வருடமாக நிற்கிறாள். வேலை பார்க்கிறாள் என்றும் சொல்லலாம். ஆனால் காலை ஒன்பதரையிலிருந்து கடை மூடும் வரை நிற்பதுதான் அங்கே முதல் வேலை. சேலை விரித்துக் காட்டுவது அதற்கு நடுவே வந்துபோகும் கிளைவேலை.

சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. தாமிரவேணி சட்டத்தை மதிக்கும் நிறுவனம். மாடிக்கு நான்கு பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கியது. நான்கு பெண்களை அவற்றில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தது. போட்டோ ஃபைலுக்குள் போனது. பெண்கள் எழுந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த நாற்காலிகளில் யாரும் உட்கார்ந்ததில்லை.

அதற்காக நாற்காலிகள் வீணாகவும் போகவில்லை. இரண்டாம் மாடிக்கென்று ஓர் அலுமினிய ஏணி இருந்தது. ஒரு ஆடி மாதம் வாசலில் தள்ளுபடி பேனர் சாய்ந்தபோது, முட்டுக்கொடுக்க அதை இறக்கிக்கொண்டு போனார்கள். ஆடிக்குப் பின் தீபாவளி பேனர், தீபாவளிக்குப் பின் பொங்கல் பேனர். ஏணி திரும்பி மேலே ஏறவேயில்லை. மேல் தட்டுச் சேலைகளோ ஏழடி உயரத்திலேயே இருந்தன. ஆக, உட்கார வந்த நாற்காலிகளின் மேல் எல்லோரும் ஏறி நின்றார்கள்.

ஜூலை 26, ஆடி வெள்ளி, பிற்பகல் மூன்று இருபது. வடபழனியிலிருந்து கல்யாணத்துக்கு எடுக்க வந்த ஒரு அம்மாள், கீழே விரித்திருந்த நாற்பத்தேழு சேலையையும் பார்த்துவிட்டு, மேல் தட்டில் தெரிந்த நாவல்பழக் கலரைக் கை காட்டினார். சின்னம்மா நாற்காலியில் ஏறினாள். நாற்காலியின் பின்னங்கால் ஒன்று அகன்றது. சின்னம்மா வலது கையை ஊன்றி விழுந்தாள். சேலை மேலேயே இருந்தது. அந்த அம்மாள், "அய்யய்யோ, சரி, அந்தப் பச்சையே குடுங்க" என்றாராம்.

மாடி சூப்பர்வைசர் இசக்கிமுத்து கெட்ட மனிதர் இல்லை. ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார், தன் துண்டைக் கிழித்து மணிக்கட்டில் கட்டினார், ஆட்டோ பிடித்தார், அதே மாடியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளைத் துணைக்கு ஏற்றிவிட்டார். ஆட்டோ கிளம்பும்போது குனிந்து, "யாரு கேட்டாலும் பஸ் ஸ்டாப்புல வழுக்கிட்டுன்னு சொல்லிரு தாயி. கடைப் பேரு வெளிய போவக்கூடாது, பாத்துக்க" என்றார். அதே மூச்சில் டிரைவரிடம், "மெதுவா போப்பா, புள்ளைக்கு வலிக்கும்" என்றும் சொன்னார்.

கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். சீட்டில் 'கீழே விழுந்ததால்' என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கே விழுந்தாள் என்று சின்னம்மாவும் சொல்லவில்லை, எலும்பும் சொல்லவில்லை.

சிக்கல் அதன் பிறகுதான் ஆரம்பித்தது. நான் பி.காம். இரண்டாம் வருடம். பட்டினப்பாக்கம் எங்கள் குப்பத்தில் காமர்ஸ் படிப்பவன் என்றால் வருமானவரி முதல் வாக்காளர் அட்டை வரை எல்லாம் தெரிந்தவன் என்று அர்த்தம். அதனால் சின்னம்மாவை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அங்கே வஜீஹா மேடம் என்றொரு அதிகாரி. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார்.

"வேலை நேரத்துல, வேலை செய்யறப்ப பட்ட அடின்னா ஒரு சலுகை. கை குணமாகற வரைக்கும் சம்பளத்துல பெரும்பகுதி வரும். நாளைக்குக் கை பழையபடி மடங்கலைன்னா, மெடிக்கல் போர்டு பார்த்து ஆயுசுக்கும் ஒரு தொகை போடுவாங்க. வெளிய விழுந்ததுன்னா வெறும் சிக் லீவ் கணக்கு. அது குறைச்சல், கொஞ்ச நாள்தான். உங்களுக்கு எது?"

"கடைக்குள்ளதான் மேடம் உய்ந்தேன்" என்றாள் சின்னம்மா.

"அப்ப கடைக்காரங்க விபத்து அறிக்கை அனுப்பியிருக்கணும். இங்க ஒண்ணும் வரலையே."

"அவங்க பஸ் ஸ்டாப்ல விழுந்ததா சொல்றாங்க மேடம்" என்றேன்.

"எழுத்துலயா, வாயாலயா?"

"வாயால."

"அப்ப இன்னும் யாரும் எதுவும் சொல்லல." மேடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நடந்ததை எழுதி எனக்கு ஒரு மனு குடுங்க, நானும் கடைக்கு எழுதறேன். நீங்களும் அறிக்கை நகல் வேணும்னு கடைக்கு ஒரு லெட்டர் குடுங்க. குடுத்ததுக்கு இன்னொரு காப்பில சீல் வாங்கிடுங்க. சீல் இல்லாத லெட்டர் கடலை மடிக்கத்தான் ஆகும்."

அன்று சாயங்காலம் கடிதம் எழுதினோம். என் முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. அதில் ஜனநாயகம் இருந்தது, பிரெஞ்சுப் புரட்சி லேசாக இருந்தது, ஏணியைப் பற்றி ஒரு உருக்கமான பத்தி இருந்தது. சின்னம்மா முழுதும் கேட்டுவிட்டு, "டேய் கிஷோரு, நானு இன்னா எலெக்‌ஷன்லயா நிக்கிறேன்? பேப்பரைக் கேளு, போதும்" என்றாள். மிஞ்சியது இது:

'பொருள்: விபத்து அறிக்கையின் நகல் வேண்டுதல்.

ஐயா, நான் தங்கள் கடையில் இரண்டாம் மாடி சேலைப் பிரிவில் பணிபுரிகிறேன். கடந்த ஜூலை 26 வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.20 மணிக்கு, வாடிக்கையாளர் கேட்ட சேலையை மேல் தட்டிலிருந்து எடுக்க நாற்காலியின் மேல் நின்றபோது, அதன் கால் அகன்று விழுந்ததில் என் வலது மணிக்கட்டு முறிந்தது. சூப்பர்வைசர் திரு. இசக்கிமுத்து அவர்களும் சக பணியாளர்களும் உடன் இருந்தனர். இது குறித்து விபத்துப் புத்தகத்தில் எழுதப்பட்ட பதிவின் நகலையும், ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்பிய விபத்து அறிக்கையின் நகலையும் ஏழு நாட்களுக்குள் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறிக்கை இன்னும் அனுப்பப்படவில்லை எனில், உடனே அனுப்பி அதன் நகலைத் தரவும்.

இணைப்பு: ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல்.

நகல்: கிளை மேலாளர், ஈ.எஸ்.ஐ.'

கீழே சின்னம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். 'ரோஸி' என்பது மூன்று வரியில் இறங்கி வந்தது.

ஆகஸ்ட் 9, நான் மட்டும் கடைக்குப் போனேன். பணியாளர் பிரிவு ஐந்தாவது மாடியில், உள்பாவாடை ஸ்டாக்குக்கும் பூஜை அறைக்கும் நடுவில் இருந்தது. அதன் மேலாளர் ராமானுஜம். மயிலாப்பூர்க்காரர். ஒரு வங்கியில் முப்பத்துநான்கு வருடம் இருந்து ஓய்வுபெற்று இங்கே வந்தவர். வங்கி அவரை விட்டுவிட்டது. அவர் வங்கியை விடவில்லை.

கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, சிவப்புப் பேனாவை எடுத்தார். 'தந்து உதவுமாறு' என்பதற்குக் கீழே கோடு போட்டு, "மரியாதையா இருக்கு, குட்" என்றார். பிறகு டிராயரிலிருந்து பழைய வேலை விண்ணப்பத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"கையெழுத்து டேலி ஆகலையேப்பா."

"அது வலது கையெழுத்து சார். இது இடது."

"ஏன், வலது கைக்கு என்ன?"

"உங்க கடையில ஒடஞ்சுபோச்சு சார். அதுக்குத்தான் லெட்டரே."

"பஸ் ஸ்டாப்ல."

"அதை எழுதிக் குடுத்துடுங்க சார். அந்த நகலும் போதும்."

அவர் என்னை ஒரு வாராக்கடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இசக்கிமுத்துவை மேலே வரச் சொன்னார். இசக்கிமுத்து வந்து, கடிதத்தைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார்.

"விபத்துன்னுலா போட்டுருக்கு. நம்ம கடையில அந்தச் சொல்லே கிடையாது தம்பி. பெரிய மொதலாளி காதுல விழுந்துச்சுன்னா திருஷ்டி கழிக்கச் சொல்லிருவாக."

"விபத்துப் புத்தகம் இல்லையா அண்ணாச்சி?"

"இருக்கு. சட்டப்படி இருக்கணும்லா. ஒண்ணும் எழுதாம, அட்டைக்கு மஞ்சள் குங்குமம் வச்சு பூஜை ரூம்புல வச்சிருக்கு."

ராமானுஜம் பெருமூச்சு விட்டார். "பாருப்பா, நகல் கொடுக்கணும்னா முதல்ல அசல்னு ஒண்ணு இருக்கணும். இல்லாத அசலுக்கு நான் எங்கேர்ந்து நகல் தர்றது? அது ஃப்ராட் ஆயிடும்."

அதில் ஒரு நேர்மை இருந்தது. நான் இரண்டாவது காப்பியை மேசையில் வைத்தேன். சீல் வேண்டும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வலது கை தானாக நகர்ந்தது. மை அட்டை, வட்ட சீல், டக். தேதி சீல், டக். குறுங்கையெழுத்து. முப்பத்துநான்கு வருடம் மேசைக்கு வந்த எந்தத் தாளையும் சீல் இல்லாமல் திருப்பி அனுப்பாத கை அது. குத்தி முடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார். அதற்குள் காப்பி என் பைக்குள் இருந்தது.

எட்டாம் நாள் வீட்டுக்கு ஸ்பீட் போஸ்ட் வந்தது. உள்ளே விபத்து அறிக்கையின் நகல். எண் 1. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவும் வந்து உட்கார, நான் சத்தமாகப் படித்தேன்.

'நாள்: ஜூலை 26. மேற்படி பணியாளர், அரசு விதிகளின்படி நிர்வாகத்தால் வழங்கப்பட்ட இருக்கையில் வழக்கம்போல் அமர்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கையில், பிற்பகல் 3.20 மணியளவில், இரண்டாம் மாடி சேலைப் பிரிவில், லேசாகக் கண்ணயர்ந்து, தாமாகவே கீழே விழுந்தார். உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது. இருக்கைக்குச் சேதம் இல்லை.'

மேலே ஒரு ஓரத்தில், வங்கி வழக்கப்படி, 'பார்வை: தங்கள் ஆகஸ்ட் 9 நாளிட்ட கடிதம்' என்று இருந்தது. அதாவது ஜூலை 26 அன்று எழுதப்பட்ட அறிக்கை, அதற்கு இரண்டு வாரம் கழித்து நான் கொடுக்கப்போகும் கடிதத்தைப் பார்த்துவிட்டு எழுதப்பட்டிருந்தது. நகல் கேட்ட பிறகுதான் அசல் பிறந்திருக்கிறது என்பதை ராமானுஜம் ஒளிக்கக்கூட இல்லை. பார்வை இல்லாமல் ஒரு தாளை வெளியே விட அவரால் முடியவில்லை.

பஸ் ஸ்டாப் கதை எங்கே போனது என்பது சின்னம்மா பேச்சியம்மாளிடம் போனில் கேட்டபோது தெரிந்தது. இசக்கிமுத்துவின் ஊர்ப் பக்கத்துப் பெண். கடை ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"லேபர் டிபார்ட்மென்ட்லேர்ந்து ஆளு வாராகளாம்க்கா, சேர் போட்டுருக்கோமான்னு பாக்க. ஈ.எஸ்.ஐ.யிலேர்ந்தும் லெட்டர் வந்துட்டு. ராமானுஜம் சாரு ரெண்டு நாளா யோசிச்சாரு. அப்புறம் ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு சொல்லி எழுதிட்டாரு. சேர்ல உக்காந்துதான் விழுந்தாங்கன்னா, சேர் குடுத்ததுக்கும் சாட்சி ஆச்சுல்லா."

நான் குதித்தேன். "சின்னம்மா, ஜெயிச்சுட்டோம். கடைக்குள்ள, டூட்டி நேரத்துல, சேலைப் பிரிவுல. மூணையும் அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. பஸ் ஸ்டாப் செத்துப்போச்சு."

சின்னம்மா அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழக்கம்போல் அமர்ந்தாமா" என்றாள்.

"உட்டுத் தள்ளு."

"கண்ணயர்ந்தேனாம்."

எஸ்தர் அக்கா வெற்றிலையை ஓரம் தள்ளி, "அப்ப ஏசி ரூம்ல சேர் போட்டுத் தூங்கிக்கினு சம்பளம் வாங்கறியா நீ? சொல்லவேயில்லையேடி. எனக்கும் ஒரு சேர் பாரு" என்றாள்.

கேலிதான். ஆனால் சின்னம்மா சிரிக்கவில்லை. கால் இரண்டையும் முன்னால் நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே நீல நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. பதினோரு வருடம் அவள் வாங்கிய அனுபவச் சான்றிதழ் அது ஒன்றுதான்.

"மூணு மாசம் வவுத்துல புள்ளையோட நின்னேன். ஒக்காரல. இப்ப ஒக்காந்துட்டேன்னு எழுதறான்."

"சின்னம்மா, அடுத்த வாரம் மேடம் வாக்குமூலம் கேப்பாங்க. உக்காந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ரெண்டு பேப்பரும் பொருந்திடும், சலுகை வந்துடும். நின்னேன்னு சொன்னா பொருந்தாது. விசாரணைன்னு இழுப்பாங்க. நடுவுல கடைக்காரன் மறுபடி பஸ் ஸ்டாப்புக்கே போயிட்டான்னா?"

"நீ பி.காம்மு படிக்கிறியா, பொய்யி படிக்கிறியா?"

"ரெண்டும் ஒரே டிபார்ட்மென்ட்தான்."



மறுவாரம் வஜீஹா மேடம் முன்னால் அறிக்கையை வைத்தோம். கடை ஆன்லைனில் அனுப்பியதும் அதே வாசகம்தானாம். மேடம் 'பார்வை' வரியில் கொஞ்ச நேரம் நின்றார். உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. அதிகாரி என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சொல்லுங்க. உட்கார்ந்திருந்தப்ப விழுந்தீங்களா?"

நான் மேசைக்குக் கீழே சின்னம்மாவின் செருப்பை மிதித்தேன்.

"இல்ல மேடம். சேர் மேல நின்னுக்கினு இருந்தேன். நாவப்பழக் கலரு எடுக்கறதுக்கு. இவன் இன்னாத்துக்கு என் கால மிதிக்கிறான்னு கேளுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அம்மா, உட்கார்ந்திருந்தாலும் கடைக்குள்ளதானே இருந்தீங்க. ஆனா வேலை செஞ்சுட்டு இருந்தப்பவான்னு கேள்வி வரும். தூங்கி விழுந்தாங்கன்னு அவங்க எழுதியிருக்கறதால, நாளைக்கு அப்பீல்னு போனா அதை வச்சுத்தான் இழுப்பாங்க. நீங்க சொல்றது வேற, அவங்க சொல்றது வேற. நான் நேர்ல வந்து விசாரிச்சாகணும். லேட் ஆகும். பரவாயில்லையா?"

"பரவால்ல மேடம். அந்தச் சேரு இன்னமும் அங்கதான் கீது. நான் ஒக்காந்துதான் உய்ந்தேன்னு எழுதிட்டா, அதும் மேல பேச்சி ஏறிக்கினேதான் இருக்கும்."

தாமாகவே குழியில் விழும் ஒருத்தியை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தபடி பஸ் ஏறினேன். அன்று முழுதும் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கிளை அலுவலகத்திலிருந்து கடைக்குக் கடிதம் போனது: வரும் நாட்களில் நேரில் வந்து சம்பவ இடத்தைப் பார்வையிடுவோம், ஆவணங்களைத் தயாராக வைக்கவும். எந்த நாள் என்று இல்லை. அந்த ஒரு வரி தாமிரவேணியின் வரலாற்றை ஒன்பது நாட்களுக்கு மாற்றியது.

பேச்சியம்மாள் தினமும் போனில் நிலவரம் சொன்னாள். முதல் நாள் காலை ராமானுஜம் இரண்டாம் மாடிக்கு வந்து, எல்லோரும் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டார். யாரும் உட்காரவில்லை, வேலையிலிருந்து எடுப்பதற்கான சோதனை என்று நினைத்துக்கொண்டார்கள். இசக்கிமுத்து, "ஏட்டி, உக்காருங்க, மொதலாளியே சொல்லியாச்சு" என்று கெஞ்சினார். மற்ற மாடிகளிலிருந்து நாற்காலிகள் வந்து சேர்ந்தன. பெண்கள் ஓரத்தில் மட்டும் ஒட்டினார்கள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து காட்டிவிட்டு, உடனே திரும்பி உட்கார வேண்டும். சரியாக உட்காராதவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மூன்றாம் நாள் கணக்குப்படி, நின்றதற்காக ஆறு பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

"உக்காந்து உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சுக்கா" என்றாள் பேச்சி நான்காம் நாள். "எப்ப வருவாக அந்த மேடம்? நிக்கணும்போல இருக்கு."

ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. வாசலில் பேனர் மாறி 'ஆவணி முகூர்த்தத் திருவிழா' ஆகியிருந்தது. ஏணி மாறவில்லை.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். இடத்தைக் காட்டச் சின்னம்மாவை வரச் சொல்லியிருந்தார். மாவுக்கட்டோடு அவளும், அவளோடு நானும் போனோம். இரண்டாம் மாடியில் லிஃப்ட் திறந்தபோது, கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாடி தப்பி வந்துவிட்டோமா என்று என்னைப் பார்த்தாள்.

"பாருங்கோ மேடம், நம்ம கிட்ட எல்லாரும் சௌகரியமா உட்கார்ந்துண்டுதான் வேலை பார்ப்பா. எப்பவுமே இப்படித்தான்" என்றார் ராமானுஜம்.

"கேமரா பதிவு?"

"அன்னிக்கு அது ரிப்பேர்ல இருந்தது மேடம்."

மேடம் அண்ணாந்து தட்டுகளைப் பார்த்தார். "மேல இருக்கறதை எப்படி எடுப்பீங்க?"

"ஏணி இருக்கு மேடம்."

"எங்க?"

ராமானுஜம் இசக்கிமுத்துவைப் பார்த்தார். இசக்கிமுத்து பேச்சியைப் பார்த்தார். பேச்சி, தன்னைக் கேட்டதாக நினைத்து, "வாசல்ல பேனருக்கு முட்டுக் குடுத்திருக்கு மேடம்" என்றாள்.

மேடம் குறித்துக்கொண்டார். பிறகு பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ரோஸி எப்படி விழுந்தார்? ஒவ்வொருத்தியும் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்து, ஒரே குரலில் சொன்னாள்: "சேர்ல உக்காந்திருந்தாங்க மேடம். தானா விழுந்துட்டாங்க." பேச்சி மட்டும் சொல்ல ஆரம்பித்துவிட்டுச் சின்னம்மாவின் மாவுக்கட்டைப் பார்த்து நிறுத்தினாள். இசக்கிமுத்து இருமினார். அவளும் சொல்லி முடித்தாள்.

சின்னம்மா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. "சொல்லட்டும் மேடம். அதுங்க ஹாஸ்டல்ல இருக்குதுங்க. ராவுல இன்னாத்த துன்னும்" என்றாள்.

நான் கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு சாட்சி ஒரு பக்கம். மாவுக்கட்டு ஒரு பக்கம். மேடத்தின் பேனா பக்கத்தின் கடைசி வரிக்கு வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் லிஃப்டிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. விசாரணையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வந்தது முகூர்த்தச் சேலைக்கு. முன்னால் வந்த பெண் விரித்திருந்ததையெல்லாம் ஒரே பார்வையில் தள்ளிவிட்டு விரலை உயர்த்தினாள்.

"அந்த மேல இருக்கே, மாம்பழக் கலர். அதைக் காட்டுங்க."

வாடிக்கையாளர் விரல் மேலே போனால் தாமிரவேணியில் யாரும் யோசிப்பதில்லை. பேச்சி எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு கையால் இழுத்துத் தட்டுக்கு நேரே போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

"ஏ பேச்சி, அதுல ஏறாதட்டி" என்று இசக்கிமுத்து பாய்ந்து வந்து நாற்காலியைப் பிடித்தார். "அந்தக் கால் ஆடும். ரோஸி ஏறி விழுந்தது இதுலதான். அந்தா இருக்குல்லா, அதை எடுத்துப் போட்டு ஏறு. நான் புடிச்சுக்கிடுதேன்."

கீழ்த்தளத்து நாதஸ்வர கேசட் மட்டும் கேட்டது. இசக்கிமுத்து தான் சொன்னது என்ன என்பதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"எந்த நாற்காலி?" என்றார் வஜீஹா மேடம்.

இருபது வருடம் சரக்குக் காட்டிய மனிதர். கேட்டால் காட்டித்தான் பழக்கம். துண்டால் ஒரு துடை துடைத்து நாற்காலியை மேடம் முன்னால் வைத்தார். பின்னங்கால் அடியில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதைச் சுற்றிச் சேலைப்பெட்டி கட்டும் பிளாஸ்டிக் கயிறு.

"இருக்கைக்குச் சேதம் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே" என்றார் மேடம்.

"அது... உட்கார்ற பாகத்தைச் சொன்னேன் மேடம்" என்றார் ராமானுஜம்.

மேடம் சேலைப் பிரிவின் மேசையிலேயே உட்கார்ந்து பார்வைக் குறிப்பை எழுதினார். தட்டின் உயரம், ஏணி இல்லாதது, நாற்காலியின் விரிசல், சூப்பர்வைசர் சொன்ன வாசகம். படித்துக் காட்டி இசக்கிமுத்துவின் கையெழுத்து கேட்டார். இசக்கிமுத்து பேனாவைப் பிடித்தபடி சின்னம்மாவைப் பார்த்தார்.

"கை மடங்குதா தாயி?"

"இன்னும் கட்டே அவுக்கல அண்ணாச்சி."

அவர் கையெழுத்துப் போட்டார். "சொல்லு வாயிலேர்ந்து வந்துட்டு. இனிமே மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்" என்று ராமானுஜத்திடம் சொன்னார். மேடம் குறிப்பையும் அதன் காப்பியையும் ராமானுஜம் பக்கம் நகர்த்தினார், படித்துக்கொள்வதற்காக. ராமானுஜத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. மாடி இறங்கி வரும்போதும் அவர் அதை எடுத்து வந்திருந்தார். டக். டக். இரண்டு தாளிலும் வட்ட சீல். அதன் பிறகு கண்ணாடியை இறக்கி, எதில் குத்தினோம் என்று படிக்க ஆரம்பித்தார்.

மாம்பழக் கலர் கேட்ட பெண் இவ்வளவு நேரமும் பொறுமையாக நின்றிருந்தாள். "அது வேணாங்க, இந்தப் பச்சையே போதும்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்துக் கிளை அலுவலகத்திலிருந்து முடிவு வந்தது. வேலையில் ஏற்பட்ட காயம் என ஏற்கப்பட்டது. நான் ஒரே மூச்சில் படித்துவிட்டு, என்னென்ன வரும், எப்போது வரும், கை மடங்காவிட்டால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன்.

"அத்த உடு" என்றாள் சின்னம்மா. "ஒக்காந்துக்கினுன்னு போட்டுகீதா, நின்னுக்கினுன்னு போட்டுகீதா?"

தேடிப் பார்த்தேன். நான்காவது வரியில் இருந்தது.

"'நாற்காலியின் மேல் நின்று சேலை எடுக்கையில்.'"

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த எஸ்தர் அக்காவுக்கும் கேட்கும்படி மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள்.

"இதுல ஒரு இருபத்திரண்டு ஜெராக்ஸ் எடு" என்றாள். "ஃப்ளோருல ஆளுக்கு ஒண்ணு."

பேச்சி அன்றிரவு போனில் சொன்ன செய்தி: ஏணி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் நான்கு பெண்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து ஃபைலில் வைத்துவிட்டார்கள். ஏணியைத் திரும்பக் கீழே கேட்டு ஆள் வந்தபோது, இசக்கிமுத்து அதன் மேல் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எழுத்தில் கேட்டால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டாராம். வாசலில் பேனர் லேசாகச் சாய்ந்திருக்கிறதாம்.